மலையாள, தெலுங்கு அழைப்புப் பதிவைக் கேட்டுப் பட்டறைக்குத் தமிழில் குறிப்பு எழுதுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல், அதாவது நிறம் கலந்து அச்சில் ஊற்றும் தரைக்கல், விற்கும் அலுவலகங்களிலும், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவு, தூண் விற்கும் கடைகளிலும் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆர்டர் வருவது சாதாரணம். போனில் பேசுபவருக்கு மலையாளமோ தெலுங்கோ ஓரளவு தெரிந்திருக்கும். கல் ஊற்றுகிற பட்டறை அண்ணனுக்குத் தெரியாது. அவருக்குத் தேவையானது முழு உரையாடல் அல்ல. என்ன நிறம், எத்தனை சதுர அடி, எப்போது போய்ச் சேர வேண்டும், பணம் யார் போடுகிறார்கள், லாரி யார் பொறுப்பு, இவ்வளவுதான். ஆனால் இவ்வளவையும் தப்பில்லாமல் ஒரு பக்கத்துக்குள் கொண்டுவருவதற்கு நான் ரொம்பவே திணறியிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்தத் திணறலைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலையாளத்தை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். தெலுங்கில் சிக்கல் வேறு மாதிரி வரும் இடங்களை அங்கங்கே சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த மொழி கேட்டால் புரியும் அளவுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அறவே தெரியாதவர் இந்த வேலையை எடுக்கக்கூடாது. மலையாளம் தமிழ் மாதிரிதானே என்று ஊகத்தில் எழுதினால், வேறு நிறக் கல் பட்டறையில் காய்ந்துகொண்டிருக்கும். ஆர்டருக்கென்று நிறம் கலந்து ஊற்றிய கல்லை இன்னொருவருக்கு விற்பது எளிதல்ல.

1. கேட்க உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பதிவு மட்டும் போதாது. அதே வாடிக்கையாளருக்கு முன்பு கொடுத்த விலைப் பட்டியல், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள், நாம் அனுப்பிய மாதிரிக் கல்லின் எண், இந்த மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். பேச்சில் பாதி விஷயம் "அன்னு அயச்ச ஆ டிசைன்" என்று சுட்டிக்காட்டிப் போய்விடும். எந்த டிசைன் என்பது படத்தில்தான் இருக்கும், பதிவில் இருக்காது.

அப்புறம், அழைப்பு வந்த தேதி. பதிவுக் கோப்பைச் சேமிக்கும்போதே பெயரில் தேதியைப் போட்டுவிடுங்கள். ஜூலை 8 என்றால் `0708_thrissur_1.m4a` என்று மாதமும் நாளும் முன்னால் வருகிற மாதிரி இருந்தால் போதும். பேசுகிறவர் "நாளெ" என்று சொல்வது அழைப்பு வந்த நாளுக்கு மறுநாள். நீங்கள் இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து கேட்டு, குறிப்பில் "நாளை" என்றே எழுதினால் பட்டறையில் வேறொரு நாளைக் கணக்கு வைப்பார்கள்.

பேசும்போது பதிவாகிறது என்பதை எதிர்முனையில் இருப்பவரிடம் சொல்லியிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் எடுத்த பதிவென்றால் முதலாளியிடம் அதைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

2. முதல் தடவை எழுதாமல் கேளுங்கள்

பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் ஒரு தடவை கேளுங்கள். விலை பேசும் அழைப்புகளில் முதலில் சொன்னது கடைசியில் மாறிவிடும். நிமிடம் இரண்டில் பச்சை பார்டர் என்பார், நிமிடம் எட்டில் வேண்டாம் என்பார். கேட்கக் கேட்க எழுதினால் பச்சையும் குறிப்பில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். VLC-யில் வேகத்தை 0.75x என்று குறைத்துக்கொண்டால் எண்கள் தெளிவாகும். அதற்கும் கீழே போனால் குரல் குழறி, இருந்த தெளிவும் போய்விடும். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் நிமிடம், வினாடியைக் குறியுங்கள். பிறகு சந்தேகம் வந்தால் பத்து நிமிடப் பதிவை முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்காது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பட்டறைச் சத்தத்தில் கண்டிப்பாகக் கேட்காதீர்கள். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும், அந்தச் செலவுக்கு யோசிக்க வேண்டாம்.

3. செய்யப்போவது யார் என்று தேடுங்கள்

புதியவர்கள் அதிகமாக விழுகிற இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் வினைச்சொல்லைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அனுப்புவேன், அனுப்புவாய், அனுப்புவார், அனுப்புவார்கள். மலையாளத்தில் அப்படி இல்லை. "அயக்கும்" என்றால் நான், நீ, அவர், அவர்கள் எல்லோருக்கும் அதே சொல்தான். ஆள் யார் என்பது வாக்கியத்தில் தனியாக வந்திருக்க வேண்டும். பேச்சில் பெரும்பாலும் வராது, ஏனென்றால் பேசுகிற இருவருக்கும் அது தெரியும். எழுதுகிற உங்களுக்குத்தான் தெரியாது.

"பைச மற்றந்நாள் இடும்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. பணத்தை நாளை மறுநாள் போடுவது யார்? பேசுகிற சைட் இன்ஜினியரா? வீட்டுக்காரரா? இன்ஜினியருடைய அலுவலகக் கணக்கரா? தமிழில் எழுத உட்கார்ந்ததும் மொழி உங்களைக் கட்டாயப்படுத்தும். "போடுவேன் என்கிறார்" என்றோ "போடுவார்" என்றோ ஏதாவது ஒன்றை எழுதியே ஆகவேண்டும். கை தன்னால் "போடுகிறேன் என்றார்" என்று எழுதிவிடும், பேசினவர் அவர்தானே என்று. அங்கேதான் தப்பு நடக்கிறது. பணம் வராதபோது நாம் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்போம். நான் எப்போது சொன்னேன் என்று அவர் வருத்தப்படுவார். அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

என்ன செய்யலாம்? பதிவில் பின்னோக்கிப் போங்கள். கடைசியாக யார் பெயர் அல்லது பொறுப்பு வந்தது என்று பாருங்கள். "ஓணர் கல்ஃபிலாணு" என்று அரை நிமிடத்துக்கு முன் சொல்லியிருந்தால், போடப்போவது அந்த உரிமையாளர் என்று எடுக்க இடம் இருக்கிறது. ஆனாலும் குறிப்பில் "உரிமையாளர் போடுவார் (பேச்சின் போக்கில் எடுத்தது, கேட்டு உறுதி செய்ய வேண்டும்)" என்றே எழுதுங்கள். முன்னேயும் பின்னேயும் ஆள் கிடைக்கவில்லையா? அழைப்பு 8-ஆம் தேதி வந்திருந்தால் தமிழில் "பணம் 10-ஆம் தேதி வரும் என்கிறார்; யார் போடுவார்கள் என்று சொல்லவில்லை" என்று எழுதலாம். பணத்தை எழுவாயாக வைத்துவிட்டால் ஆளைச் சொல்லும் கட்டாயம் இல்லை. சிக்கலான இடத்திலெல்லாம் இந்த வழி உதவும்.

"நமுக்கு" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். "லோறி நமுக்கு நோக்காம்" என்றால் லாரி விஷயத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று இதமாகச் சொல்வது. அதற்காக வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வதாக ஒப்பந்தம் ஆகிவிடவில்லை. அவர் ஏற்பாடு செய்வதாகவும் பொருள் இல்லை. "லாரி பற்றி முடிவாகவில்லை" என்பதுதான் சரியான குறிப்பு.

தெலுங்கில் வினையில் ஆள் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. "இஸ்தாரு" என்றால் "நீங்கள் கொடுப்பீர்கள்" என்றும் வரும், "அவர் கொடுப்பார்" என்று மரியாதையாகவும் வரும், "அவர்கள் கொடுப்பார்கள்" என்றும் வரும். "லாரி கர்ச்சு இஸ்தாரு" என்று ஒருவர் சொன்னால், வாடகை நம் தலையிலா அவர்கள் தலையிலா என்பதே அந்தச் சொல்லில் இல்லை. "மீரு" என்றோ "வாள்ளு" என்றோ முன்னால் வந்ததா என்று தேடுங்கள். இன்னொன்று, "பம்பிஸ்துந்தி" என்றால் அனுப்புவது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், கம்பெனியாகவும் இருக்கலாம். தெலுங்கில் இரண்டுக்கும் ஒரே முடிவு.

4. வாக்குக் கொடுத்தாரா, பார்க்கலாம் என்றாரா?

மலையாளத்தில் "தராம்", "இடாம்", "அயக்காம்" என்று வருவதைத் தமிழ்க் காது "தரலாம்", "போடலாம்", "அனுப்பலாம்" என்று வாங்கிக்கொள்ளும். தமிழில் அது உறுதியில்லாத பேச்சு. மலையாளத்தில் "நாளெ பைச இடாம்" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் "நாளை நான் பணம் போட்டுவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். இங்கே பேசுகிறவரே செய்வதாகவும் பொருள் வந்துவிடுகிறது. ஆகவே மேலே சொன்ன "இடும்" என்பதில் ஆள் தெரியாது, "இடாம்" என்பதில் பேசுகிறவர் பொறுப்பேற்கிறார். ஒரே எழுத்து வித்தியாசத்தில் குறிப்பே மாறிவிடும். காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "நோக்காம்" மட்டும் தமிழின் "பார்க்கலாம்" போலத்தான். அதை வாக்காக எழுதாதீர்கள். "சரியாக்காம்" வாக்கு, ஆனால் எப்படிச் சரி செய்வார் என்பது அதில் இல்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இல்லை என்று வரும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். "அயச்சில்ல" என்றால் அனுப்பவில்லை. "அயக்கில்ல" என்றால் அனுப்பமாட்டார். இரைச்சலான பதிவில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்டும் தெளியவில்லை என்றால் பக்கத்து வாக்கியத்தைப் பாருங்கள். அடுத்த வாக்கியத்தில் ஒரு தேதி வந்தால், இன்னும் அனுப்பவில்லை, அனுப்பப்போகிறார் என்று ஓரளவுக்குப் புரிந்துகொள்ளலாம்.

ஒருவர் நேரில் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள். "அக்கவுண்டன்டு அயச்சு என்னு பறஞ்ஞு" என்றால் அனுப்பிவிட்டதாகக் கணக்கர் சொன்னார் என்று பொருள். இன்ஜினியர் கண்ணால் பார்க்கவில்லை. தெலுங்கில் இதற்குக் கடைசியில் ஓர் "அண்ட" ஒட்டும்: "பம்பிஞ்சாரண்ட". நமக்கு இதற்கு அழகான வழி கையிலேயே இருக்கிறது. "அனுப்பிவிட்டார்களாம்" என்று எழுதினால் போதும். பட்டறை அண்ணன் அந்த ஒற்றை "ஆம்" விகுதியைப் பார்த்ததும் வங்கியில் பார்க்காமல் வேலையைத் தொடங்கமாட்டார்.

5. எண்ணும் நாளும்

மலையாள எண்கள் தமிழுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். உண்மையில் மோசமான பதிவில் "அறுநூறு", "எழுநூறு" இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். காதை மட்டும் நம்பாமல் கணக்கால் சரிபாருங்கள். பேச்சில் இன்னோர் இடத்தில் "ஹாள் முப்பது இருபது" என்று நீள அகலம் வந்திருந்தால், முப்பதை இருபதால் பெருக்கினால் 600. அப்போது அறுநூறுதான். வேறு எந்த எண்ணும் உதவிக்கு இல்லை என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தெலுங்கில் "இரவை" இருபது, "அரவை" அறுபது. முதல் எழுத்து போன் இரைச்சலில் விழுங்கப்பட்டால் இரண்டும் ஒன்றுதான். 20 கல்லுக்கும் 60 கல்லுக்கும் உள்ள வித்தியாசம் வண்டியில் இடம் வரைக்கும் போகும். "டெப்பை" எழுபது, "தொம்பை" தொண்ணூறு என்பதும் அப்படியே.

நாள் விஷயத்தில், மலையாளிகள் வீட்டு விசேஷத்தைத் தங்கள் மாதத்தில் சொல்வார்கள். சிங்கம் நம் ஆவணி, கர்க்கிடகம் நம் ஆடி. ஆடியில் நாம் புதுமனை புகாதது போல அவர்களும் கர்க்கிடகத்தில் பெரும்பாலும் வைப்பதில்லை. அதனால் சிங்கம் பிறந்ததும் பால்காய்ச்சு வைப்பவர்கள் நிறைய. நமக்கு ஆர்டர் குவிகிற நேரமும் அதுதான். சிங்கம் 1 வழக்கமாக ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி வரும். குறிப்பில் அந்த மாதப் பெயரை அப்படியே எழுதாமல் ஆங்கிலத் தேதியாக மாற்றி எழுதுங்கள். பக்கத்தில் அவர் சொன்னதையும் போட்டுவிடுங்கள். தெலுங்கு மாதங்கள் அமாவாசைக் கணக்கில் போவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். "சிராவணம்" என்று மட்டும் சொன்னால் நீங்களாக மாற்றாதீர்கள், தேதி கேட்டு வாங்குங்கள்.

GST எண்ணைக் காதால் கேட்டு எழுதிப் பில் போடவே கூடாது. எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் வடிவத்தைப் பாருங்கள்: மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநில எண், கேரளம் 32, ஆந்திரம் 37, தெலங்கானா 36. அடுத்த பத்தும் பான் எண், அதாவது ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. திருச்சூர் வாடிக்கையாளர் என்று சொல்லிவிட்டு எண் 33-இல் ஆரம்பித்தால், பில் தமிழ்நாட்டு முகவரிக்குப் போகிறதா என்று கேட்க வேண்டும். வரி வகையே மாறும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் மாநிலம் தாண்ட இ-வே பில் தேவை. ஆகவே இறக்கும் இடத்தின் பின்கோடும் குறிப்பில் இருக்க வேண்டும். பேச்சில் வரவில்லை என்றால் "கேட்க வேண்டியவை" பகுதியில் சேருங்கள்.

6. ஒலி நம்முடையது, பொருள் அவர்களுடையது

இதற்கு நீண்ட பட்டியல் போடலாம். நம் தொழிலில் பணத்தைத் தொடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். "குறச்சு கூடி வேணம்" என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும். குறைத்துக்கொள்ளச் சொல்வது அல்ல. அதே "குறச்சு" விலை பேசும் இடத்தில் வந்தால் குறைக்கச் சொல்வதாகவும் இருக்கும், அதனால் முன்னால் இருப்பது அளவா விலையா என்று பாருங்கள். "பொட்டி" என்றால் உடைந்தது. "பத்து பன்னிரண்டெண்ணம் பொட்டி" என்பதைப் பத்துப் பன்னிரண்டு பெட்டி என்று எழுதிவிட்டால் பட்டறை அண்ணன் இன்னொரு பன்னிரண்டு பெட்டி கட்டி வைத்துவிடுவார். "வெள்ளம்" வெறும் தண்ணீர். "தறயில் வெள்ளம்" என்று கேட்டதும் வெள்ளச் சேதம் என்று எழுத வேண்டாம். "கிட்டணம்" என்றால் கைக்கு வந்து சேர வேண்டும், அதாவது நாம் ஏற்றி அனுப்பும் நாள் அல்ல, அங்கே இறங்கும் நாள்.

7. குறிப்பு எழுதும் விதம்

ஒரு மாதிரி அழைப்பை எடுத்துக்கொள்வோம். ஜூலை 8 அன்று திருச்சூரிலிருந்து ஒரு சைட் இன்ஜினியர் பேசுகிறார். முக்கியமான வாக்கியங்கள் இவை:

"ஹாள் முப்பது இருபது, அறுநூறு ஸ்கொயர் ஃபீட்டு. வராந்தயில் குறச்சு கூடி வேணம், அது அளந்நிட்டு பறயாம்."

"பார்டர் பச்ச வேண்டா, கறுப்பு மதி."

"ஓணர் கல்ஃபிலாணு. அட்வான்ஸ் மற்றந்நாள் இடும்."

"கழிஞ்ஞ தவண வந்நதில் பத்து பன்னிரண்டெண்ணம் பொட்டி. அது சரியாக்காம் என்னு அன்னு பறஞ்ஞு."

"சிங்ஙம் பத்தினாணு பாலுகாச்சல். அதினு ரண்டாழ்ச முன்பு ஸாதனம் கிட்டணம். லோறி நமுக்கு நோக்காம்."

இதற்கு நான் எழுதும் குறிப்பு:

*முடிவானவை*
ஹாலுக்கு 600 சதுர அடி (30க்கு 20 அடி). [1:10]
பார்டர் கறுப்பு. முதலில் பச்சை என்றார், பிறகு வேண்டாம் என்றுவிட்டார். [8:05]
கல் திருச்சூரில் இறங்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 12 வாக்கில். சிங்கம் 10, அதாவது ஆகஸ்ட் 26 பால்காய்ச்சு. அதற்கு இரண்டு வாரம் முன்பு என்கிறார். [9:20]

*சொன்னார், இன்னும் முடிவாகவில்லை*
வராந்தாவுக்கும் கொஞ்சம் வேண்டும். அளந்து சொல்வதாகச் சொல்கிறார். [1:40]
அட்வான்ஸ் ஜூலை 10 அன்று வரும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் போடுவார் என்று புரிகிறது. [5:30]
லாரி: பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாடகை யாருடையது என்ற பேச்சே வரவில்லை. [9:50]

*புகார்*
போன தடவை வந்ததில் 10-12 கல் உடைந்திருந்ததாம். சரி செய்து தருவதாக அன்று சொன்னார்களாம். சொன்னது யார் என்று தெரியவில்லை. [6:45]

*அவரிடம் கேட்க வேண்டியவை*
600 சதுர அடியில் பார்டர் சேர்ந்ததா, தனியா? கல் 10 அங்குலமா, 12 அங்குலமா? அட்வான்ஸ் எவ்வளவு, யார் கணக்கிலிருந்து? இறக்கும் முகவரி, பின்கோடு, GST எண்.

இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை கல் என்று நான் எழுதவில்லை. வாடிக்கையாளர் அதைச் சொல்லவே இல்லை. 10 அங்குலக் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 1.44 கல், ஆக 600-க்கு 864 கல், அதற்கு மேல் உடைசலுக்குக் கொஞ்சம். 12 அங்குலம் என்றால் 600-தான். இந்தக் கணக்கைப் பட்டறை அண்ணன் என்னைவிட நன்றாகப் போடுவார். நான் போட்டு எழுதிவிட்டால் அவர் அதை வாடிக்கையாளர் சொன்ன எண் என்று நினைத்துவிடுவார்.

எனக்கென்று ஒரு கருத்து இருந்தால் அதைக் குறிப்புக்குக் கீழே, கோடு போட்டுத் தனியாக எழுதுவேன். இந்த அழைப்பில் எனக்குத் தோன்றியது, 600 சதுர அடி பதித்து, காய்ந்து, மெருகு ஏற்றுவதற்கு இரண்டு வாரம் நெருக்கடியாக இருக்கும் என்பது. சொல்ல வேண்டியதுதான், ஆனால் அது இன்ஜினியர் சொன்னதோடு கலக்கக் கூடாது.

புகாரையும் மென்மைப்படுத்தாதீர்கள். கூட வேலை பார்க்கிறவர் மனம் நோகும் என்று உடைந்த கல்லை விட்டுவிட்டால், அடுத்த அழைப்பில் அதுவே பெரிய சண்டையாக வரும். அதே நேரம், குரல் கோபமாக இருந்தது என்றால் "கோபமாகச் சொன்னார்" என்று இரண்டு சொல் போதும்.

8. வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்லி வாங்குங்கள்

குறிப்பைப் பட்டறைக்குக் கொடுக்கும் முன் முடிவானவற்றையும் கேள்விகளையும் அவருடைய மொழியில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எழுத வராது என்றால் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். ஆனால் எண்ணும் தேதியும் நிறமும் எழுத்தில் இருக்க வேண்டும். "கறுப்பு பார்டர், 600 சதுர அடி, ஆகஸ்ட் 12 இறங்க வேண்டும். சரியா?" என்ற அளவில் போதும். "ஓகே" என்று பதில் வந்தால், அந்த ஓகே எல்லாவற்றுக்குமா, கடைசிக் கேள்விக்கு மட்டுமா என்று தெரியாது. அதனால் கேள்விகளுக்கு எண் போட்டு அனுப்பினால் எண் வாரியாகப் பதில் வரும்.

பட்டறையில் குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். "அண்ணே, இதுல முடிவானது மூணுதான். வராந்தா அளவு வர்ற வரைக்கும் அதுக்குக் கலர் கலக்க வேணாம்" என்று வாயாலும் சொல்லுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவது அல்ல. கண்ணாடி மேல் நிறத்தை அச்சில் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, நிழலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவது. ஊற்றின பிறகு நிறத்தை மாற்ற வழியே இல்லை. மறுபடி ஊற்றினாலும், கையால் கலக்கிற நிறம் முன்பு ஊற்றியதோடு அப்படியே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அதனால் வராந்தாவுக்கும் ஒரே சாயல் வேண்டும் என்றால் அளவு வந்த பிறகு மொத்தமாக ஊற்றுவது நல்லது என்று இன்ஜினியருக்கும் சொல்லிவிடுங்கள். அளவு சீக்கிரம் வரும்.

9. நேரம், செலவு, பதிவைப் பாதுகாப்பது

பத்து நிமிட அழைப்புக்குப் புதியவர் ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பழகினவருக்கும் அரை மணிக்குக் குறைய ஆகாது. இருவர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் பதிவென்றால் இன்னும் கூடும். முதலாளி "பத்து நிமிஷப் பேச்சுதானே" என்று அவசரப்படுத்தினால், முடிவானவை மூன்று வரியை மட்டும் முதலில் கொடுத்துவிட்டு மற்றதைச் சாயங்காலம் தருவதாகச் சொல்லுங்கள். அழைப்பு வந்த அன்றே எழுதுவது நல்லது. பேசினவருக்கு நினைவு இருக்கும், பதிவில் விழாத விஷயத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாக்கியம் எத்தனை தடவை கேட்டும் புரியவில்லை என்றால், அந்த மொழி தாய்மொழியாக உள்ள ஒருவரிடம் அந்தப் பதினைந்து வினாடியை மட்டும் வெட்டிப் போட்டுக் காட்டுங்கள். முழுப் பதிவையும் கொடுக்க வேண்டாம். அதில் விலை, வங்கி விவரம், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் செய்தி எல்லாம் இருக்கும். இதே காரணத்துக்காகப் பதிவை அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். குறிப்பு மட்டும் குழுவுக்குப் போகட்டும், பதிவு ஒரே கணினியில் இருக்கட்டும். கல் இறங்கி, எண்ணிப் பார்த்து, பாக்கிப் பணமும் வந்த பிறகு பதிவை அழித்துவிடலாம். குறிப்பையும் வாட்ஸ்அப் பதிலையும் அந்த ஆர்டரின் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். உடைந்த கல்லுக்கு மாற்று கேட்டு அவர்கள் அடுத்த தடவை பேசும்போது முதலில் எடுக்க வேண்டியது அதுதான்.